மூன்றாவது தா

வணக்கம். இந்துஸ்தானி இசையில் தபலா வாசிப்பவர் ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசிப்பார். மூன்றாவது முறையின் கடைசி அடி தாளத்தின் முதல் மாத்திரையில், அதாவது சமத்தில், சரியாக விழும். இதற்குத் திஹாய் என்று பெயர். மிருதங்கத்தில் கோர்வை கேட்டுப் பழகியவர்களுக்கு மூன்று முறை வருவது புதிதல்ல. ஆனால் அங்கே பாட்டின் எடுப்பில் போய் நிற்பதும் உண்டு. திஹாய் பெரும்பாலும் சமத்தைத்தான் தேடிப் போகும்.

சரி, ஒரு திஹாயைச் சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம். தாளம் தீன்தால், 16 மாத்திரை. 1, 5, 13-இல் தட்ட வேண்டும். 9-இல் தட்டாமல் கையை வீச வேண்டும். அந்த இடம் காலி.

சொற்கட்டு இதுதான்: திடெகத, கதிகன, தா. முதல் இரண்டும் மாத்திரைக்கு நான்கு எழுத்தாக ஓடும். தா மட்டும் ஒரு மாத்திரை முழுக்க நிற்கும். ஆக மூன்று மாத்திரை. மூன்று முறை சொன்னால் ஒன்பது. காலியில் தொடங்கினால் 9 முதல் 16 வரை எட்டு மாத்திரைதானே இருக்கிறது என்று கேட்கலாம். கடைசி தா இந்தச் சுற்றைச் சேர்ந்ததே இல்லை. அது அடுத்த சுற்றின் முதல் மாத்திரை. கற்றுக்கொண்ட நாட்களில் இதை மறந்து நான் 8-இலேயே தொடங்கிவிடுவேன்; தா 16-இல் விழுந்து, சமம் வெறுமையாகப் போய்விடும்.

9-இல் தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். தா விழும் இடங்கள் 11, 14, அப்புறம் 1. முதல் இரண்டும் தட்டு விழாத இடங்கள். கேட்பவருக்குத் தாளம் நழுவுவது போலத் தோன்றும். மூன்றாவது தா அதைச் சமத்தில் பிடித்துக்கொள்ளும். எனக்கு மிகப் பிடித்த கணம் அதுதான்.

இடையில் மூச்சு விடாத இந்த வகைக்குப் பேதம் என்று பெயர். தாவுக்குப் பின் ஒரு மாத்திரை மௌனம் விட்டால், அது தம்தார். மௌனம் இரண்டு இடத்தில் வருவதால் இரண்டு மாத்திரை முன்னதாக, 7-இல், தொடங்க வேண்டும். இப்போது தா விழுவது 9, 13, 1. எல்லாமே நான்கு மாத்திரைப் பகுதிகளின் தொடக்கங்கள். அதே சொற்கட்டுதான், ஆனால் இது படியேறி வருவது போல நிதானமாக வரும்.

தம்தாரில் தவறு நேர்வது பெரும்பாலும் அந்த மௌனத்தில்தான். கை சும்மா இருக்கும்போது மனம் அவசரப்படும். மௌனம் முக்கால் மாத்திரையாகச் சுருங்கிவிடும். தனி ஆவர்த்தனத்தில் பக்கத்தில் ஹார்மோனியமோ சாரங்கியோ லெஹரா வாசித்துக்கொண்டிருக்கும். ஒரே மெட்டு 16 மாத்திரைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அந்த மெட்டின் சம ஸ்வரம் வருவதற்கு ஒரு இமை முன்னால் தா கேட்டால், மௌனத்தில் அவசரப்பட்டிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம்.