வாசலில் எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

சீக்கியர்கள் இரவு படுக்கப் போகும் முன் ஓதும் வழிபாட்டுக்குக் கீர்த்தன் சோஹிலா என்று பெயர். மொத்தம் ஐந்தே பாடல்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் மூன்று குரு நானக் பாடியவை, நான்காவது பாடல் குரு ராம்தாஸுடையது, ஐந்தாவது குரு அர்ஜனுடையது. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபின் 12, 13-ஆம் பக்கங்களில் இவை இருக்கின்றன.

சோஹிலா என்றால் மங்களப் பாட்டு. தூங்கப் போகிறவருக்கு எதற்கு மங்களப் பாட்டு? முதல் பாடலில் விடை இருக்கிறது. 'நாள் குறித்தாயிற்று, எல்லோரும் சேர்ந்து வாசலில் எண்ணெய் ஊற்றுங்கள்' என்கிறார் நானக். பஞ்சாபில் மணமக்கள் வீட்டுக்குள் வரும்போது நிலைப்படியின் இருபுறமும் எண்ணெய் வார்த்து வரவேற்பது கல்யாண வழக்கம். ஆனால் இங்கே குறித்திருக்கும் நாள் சாவு. மணப்பெண் உயிர், மணமகன் இறைவன். 'நான் என் தலைவனோடு சேர வேண்டும், வாழ்த்துங்கள்' என்று தோழியரிடம் கேட்கிறாள் அவள். இந்த அழைப்போலை தினமும் வீடுவீடாக வந்துகொண்டே இருக்கிறதாம். இதே சோஹிலாவைச் சீக்கியர்கள் சிதைக்குத் தீ மூட்டிய பிறகும் ஓதுகிறார்கள். குருத்வாராவில் இரவு குரு கிரந்த சாகிபை மூடி, ஓய்வுக்கு எடுத்துச் செல்லும்போதும் இதுதான்.

அதே முதல் பாடலில் நன்றியும் வந்துவிடுகிறது. கொடுப்பவன் தன் உயிர்களை நாள்தோறும் பார்த்துக்கொள்கிறான். அவன் கொடுத்ததற்கே விலை போட முடியாதபோது, கொடுத்தவனை எப்படி அளப்பது என்று கேட்கிறார். பட்டியல் போட்டு நன்றி சொல்வதில்லை. கணக்கு பார்க்க முடியாது என்று ஒப்புக்கொள்வதே நன்றியாகிவிடுகிறது.

மூன்றாவது பாடலான ஆரத்திதான் பலருக்குத் தெரிந்தது. வானம் தட்டு, சூரியனும் சந்திரனும் விளக்குகள். எனக்கென்னவோ நான்காவது பாடல்தான் நெஞ்சில் தைக்கிறது. உடலை ஓர் ஊராகச் சொல்கிறார் ராம்தாஸ். காமமும் கோபமும் நிரம்பி வழியும் ஊர். அகந்தை உள்ளே தைத்த முள், நடக்க நடக்க ஆழமாக இறங்கும். அப்படியென்றால் இரவில் காவல் வேண்டியது வெளியே இருக்கும் இருட்டிலிருந்து மட்டுமல்ல. 'நாங்கள் ஏழைகள், எளியவர்கள், உன்னுடையவர்கள், காப்பாற்று, காப்பாற்று' என்கிறது பாட்டு. பஞ்சாபியில் 'ராக் ராக்' என்று இரண்டு முறை வரும். தூக்கக் கலக்கத்தில் ஓதுகிறவர்கூட அந்த இடத்தில் சற்று நிற்பார் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பாடலில் அர்ஜன், இரவும் பகலும் ஆயுள் தேய்கிறது, இங்கிருக்கும்போதே லாபத்தைச் சம்பாதித்துக்கொண்டு போ என்று வியாபாரியின் பேச்சில் சொல்கிறார். சரி, முடிவில் தனக்கென்று என்ன கேட்கிறார்? அடியார்களின் காலடித் தூசியாக என்னை ஆக்கு என்கிறார். அதோடு சோஹிலா முடிகிறது, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம்.