பெட்டியைப் பிரிக்கும் முன்னே, இயந்திரம் சுவரோரம் போகும் முன்னே

வணக்கம். பினாங்கிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும் இன்று ஒரே ஒரு வேலையைச் சொல்லித் தருகிறேன். புதிய சலவை இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ வீட்டில் வந்து இறங்கும்போது, கைத்தொலைபேசியில் எந்தப் படத்தை எப்போது எடுப்பது என்பதுதான் அந்த வேலை.

மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில், முகப்பில் உட்கார்ந்து புகார்களை எழுதுவது என் தொழில். அங்கே நாங்கள் முதலில் கேட்பது மாடல் எண், சீரியல் எண், வாங்கிய தேதி ஆகிய மூன்றையும்தான். ரசீதைத் தேடினால் தேதி கிடைத்துவிடும். மற்ற இரண்டும் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு தகட்டில் இருக்கின்றன. அந்தத் தகடு பெரும்பாலும் முதுகுப்பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி இருக்கும். அதனால் வயதானவர்கள் அறுபது எழுபது கிலோ எடையுள்ள இயந்திரத்தைத் தனியாக இழுக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வந்த நாளிலேயே படம் எடுத்துவிட்டால் இழுக்க வேண்டிய தேவையே இராது.

ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு, மகள் கோலாலம்பூரில். மகள் வாங்கி அனுப்பிய, முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரத்தை இரண்டு தம்பிகள் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறார்கள். அவர்களுக்கு அவசரம், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். கத்தியை எடுத்துப் பெட்டியின் நாடாவை வெட்டப் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், படம் எடுக்க வேண்டும் என்று அம்மா அப்போது மலாயில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "துங்கு செக்கெஜாப், சாயா நாக் அம்பில் கம்பார்." ஒரு நிமிடம் நிற்கச் சொல்வதில் தவறேதும் இல்லை. நாடா வெட்டப்பட்ட பிறகு, மூடிய பெட்டியை யாராலும் திரும்பப் படம் பிடிக்க முடியாது.

மூடிய பெட்டியிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள். முழுப் பெட்டியும், கூடவே உங்கள் வீட்டு வாசற்படியோ கதவோ தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பெட்டி எங்கே, எந்த நிலையில் இருந்தது என்பதை அந்தப் படமே சொல்லும். பிறகு சுற்றி வந்து மற்ற மூன்று பக்கங்களையும், மேலே ஒட்டியிருக்கும் நாடாவையும் எடுங்கள். நாடா கிழிந்திருக்கிறதா, ஒன்றின் மேல் இன்னொன்று ஒட்டியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலும் ஒரு முறை பாருங்கள். மூலை நசுங்கியிருந்தால் அதற்கு இரண்டு படங்கள் வேண்டும்: எந்த மூலை என்று தெரிய தூரத்திலிருந்து ஒன்று, எவ்வளவு நசுங்கியது என்று தெரிய உங்கள் கையைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. வெறும் கிட்டப்படத்தை மட்டும் அனுப்பினால் அது எந்தப் பெட்டியின் மூலை என்று கடைக்காரர் கேட்பார், கேட்பது நியாயமும்கூட.

பெட்டியின் பக்கவாட்டில் கோடு கோடாக ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். அதைத் தனியாக, எழுத்துகள் படிக்கும்படி எடுங்கள். இந்தப் படம் எதற்கு என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

தம்பிகள் கையெழுத்துக் கேட்டு நீட்டும் தாளில், பொருள் நல்ல நிலையில் கிடைத்தது என்ற வரி பல நேரங்களில் முன்பே அச்சாகியிருக்கும். பெட்டி நசுங்கியிருந்தால் அதை அந்தத் தாளிலேயே மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தாளையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இப்போது பிரிக்கச் சொல்லலாம். ஆனால் சுவரோரம் தள்ளுவதற்கு முன், மின்செருகியை மாட்டுவதற்கும் முன், தகட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரத்தில் அது பின்புறத்தில் இருக்கலாம். இல்லையென்றால் கதவைத் திறந்ததும் தெரியும் விளிம்பில் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் பெரும்பாலும் உள்பக்கச் சுவரிலோ முதுகிலோ இருக்கும். சோற்றுப் பானைக்கு அடிப்பாகத்தில். அதைக் கவிழ்க்கும் முன் மின்செருகியைக் கழற்றி, உள்பானையை வெளியே எடுத்துவிடுங்கள்.

படம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். முதலாவது, தகடு பளபளப்பாக இருப்பது. கைத்தொலைபேசியின் மின்னொளி நேராக அதில் பட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிடும். சீரியல் எண் சரியாக அந்தப் புள்ளிக்குள் மறைந்துபோகும். எனவே மின்னொளியை அணைத்துவிட்டு, பக்கத்திலிருப்பவரை டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று மிகவும் கிட்டே போவது. ஐந்து விரற்கடை தூரத்தில் பல கைத்தொலைபேசிகளுக்குக் கூர்மை பிடிபடாது. எல்லாம் புகையாகத் தெரியும். ஒரு முழம் பின்னால் வந்து, திரையில் இரண்டு விரல்களால் பெரிதாக்கி, எழுத்துகளின் மேல் ஒரு முறை விரலால் தொட்டு, படம் தெளியும்வரை காத்திருந்து பிறகு எடுங்கள். அதற்கு முன் லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்; சமையலறைக் கை பட்ட லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

எடுத்த படத்தை அங்கேயே திறந்து, பெரிதாக்கி, எண்ணை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். சுழியமா, ஓ என்ற ஆங்கில எழுத்தா? எட்டா, பி என்ற எழுத்தா? உங்களுக்கே சந்தேகம் வந்தால் இன்னொரு படம் எடுங்கள். இயந்திரம் இன்னும் அறையின் நடுவில்தானே இருக்கிறது.

தகட்டில் வோல்ட் என்ற அளவையும் பாருங்கள். மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தகட்டில் 220 முதல் 240 என்றிருந்தால் சரி. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கிய பொருளில் 100 அல்லது 120 மட்டும் இருந்தால், செருகியைச் செருகாதீர்கள். நம் மின்சாரம் அதைக் கருக்கிவிடும்.

பெட்டிச் சீட்டைப் படம் எடுக்கச் சொன்னேன் அல்லவா? அதிலுள்ள சீரியல் எண்ணும் தகட்டிலுள்ள சீரியல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆயர் ஈத்தாம் அம்மாவின் வீட்டில், முதல் எட்டு எழுத்துகள் ஒத்துப்போய், கடைசி மூன்று வேறாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாடல் சரி, ஆனால் இயந்திரம் வேறு. கிடங்கில் பெட்டி மாறியிருக்கலாம், கடையில் பார்வைக்கு வைத்திருந்த இயந்திரமாகவும் இருக்கலாம். தூக்கி வந்த தம்பிகளுக்கு இதில் ஒன்றும் தெரியாது; அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். இயந்திரத்தை ஓட்டாமல், இரண்டு படங்களையும் அன்றைக்கே கடைக்கு அனுப்புங்கள். மூடிய பெட்டியின் படம் கையில் இருப்பதால், பெட்டியை நீங்கள் மாற்றினீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கடை செவிசாய்க்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். அங்கே இந்தப் படங்கள்தான் உங்களுக்காகப் பேசும்.

பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கி, பொடி எழுத்துகள் கலைந்துவிடக்கூடும். அனுப்பிவிட்டோமே என்று கைத்தொலைபேசியில் உள்ள மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். எடுத்த தேதியும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். ரசீதையும் அன்றே படம் எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் மை சில மாதங்களில் மங்கத் தொடங்கிவிடும். பெட்டியில் உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒட்டியிருக்கும் என்பதால், அந்தப் படங்களைக் குடும்பத்துக்கும் கடைக்கும் தவிர வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இயந்திரம் ஏற்கெனவே சுவரோரம் போய்விட்ட வீடுகளும் இருக்கும். பக்கவாட்டில் கை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். இயந்திரத்தை நிறுத்தி, செருகியைக் கழற்றிவிட்டு, கைத்தொலைபேசியில் விளக்கை எரியவிட்டுக் காணொளியைத் தொடங்குங்கள். அதை இடைவெளிக்குள் நீட்டி, மேலிருந்து கீழாக மிக மெதுவாக இறக்குங்கள். பிறகு காணொளியை ஓடவிட்டு, தகடு தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். விளக்கின் ஒளி தகட்டில் பட்டுக் கண்ணைக் கூசினால், கைத்தொலைபேசியைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு முறை இறக்குங்கள். நன்றி, வணக்கம்.