8k என்று எழுதினால் படம் தெளிவாகிவிடுமா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பினாங்கில் கடைகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் பேனர், அழைப்பிதழ் வடிவமைக்கும் தொழிலில் இருப்பவன் நான். அண்மைக் காலமாக எங்களிடம் வரும் வாடிக்கையாளர்கள் பலர், செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே கொண்டுவருகிறார்கள். படம் மங்கலாக இருக்கிறதே என்று கேட்டால், பிராம்ப்ட்டில் எல்லாம் எழுதியிருக்கிறேனே என்று அந்த வாசகத்தைக் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்.

```
flower seller, Little India Penang, beautiful, masterpiece, 8k, ultra detailed, photorealistic
```

இந்த வாசகத்தில் எந்தச் சொல் வேலை செய்கிறது, எந்தச் சொல் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் 8k என்பதை எடுத்துக்கொள்வோம். 8k திரை என்றால் குறுக்கே 7680, நெடுக்கே 4320, ஆக 33 மில்லியன் பிக்சல்கள். படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022ஆம் ஆண்டு வெளிவந்தபோது அது வரைவதற்குப் பழக்கப்பட்ட அளவு 512க்கு 512. அடுத்த ஆண்டு வந்த அதன் பெரிய பதிப்பான எஸ்டிஎக்ஸ்எல் 1024க்கு 1024, அதாவது ஒரு மில்லியனுக்குச் சற்று மேல். படத்தின் அளவை நிர்ணயிப்பது அமைப்புப் பகுதியில் நாம் கொடுக்கும் எண்களே. பிராம்ப்ட்டில் எழுதும் சொல்லால் ஒரு பிக்சல்கூடக் கூடுவதில்லை.

ஆனாலும் 8k என்று எழுதியதும் படம் மாறுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். மாறத்தான் செய்கிறது. இந்த மாடல்கள் இணையத்திலிருந்து திரட்டிய படங்களையும் அவற்றோடு இருந்த படக்குறிப்புகளையும் சேர்த்துப் பயின்றவை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளுக்கு அடிப்படையாக இருந்த லயன் 5பி தொகுப்பில் இத்தகைய இணைகள் ஐந்து பில்லியனுக்கும் மேல். அந்தக் குறிப்புகளில் 8k என்ற சொல் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பது கணினித் திரைப் பின்னணிகளிலும் விளையாட்டுக் காட்சிகளிலும் கணினியில் உருவாக்கிய ரெண்டர்களிலும்தான். ஆகவே அந்தச் சொல் படத்தை அவற்றின் பக்கம் இழுக்கிறது: நிறம் அடர்கிறது, ஓரங்கள் வெட்டினாற்போல் நிற்கின்றன, தோல் மெழுகாகிறது. கண்ணுக்கு அது தெளிவு போலத் தோன்றினாலும், பெரிதாக்கிப் பார்த்தால் மல்லிகை மொட்டுகள் தனித்தனியாக இருக்க மாட்டா.

photorealistic என்ற சொல்லுக்கும் இதே கதைதான். உண்மையான நிழற்படத்தின் கீழ் பெரும்பாலும் எவரும் அப்படி எழுதுவதில்லை. நிழற்படம்போல் இருக்கும் ஓவியத்துக்கும் ரெண்டருக்கும்தான் அப்படி எழுதுகிறார்கள். நிழற்படம் வேண்டுமானால் photo என்று ஒரே சொல்லில் கேட்பதே நல்லது. masterpiece, best quality ஆகியவை அனிமே பாணி மாடல்கள் சிலவற்றில் மெய்யாகவே பயன்படுகின்றன, ஏனெனில் அவற்றைப் பயிற்றுவித்தவர்கள் படங்களைத் தரம் பிரித்து அதே சொற்களை அடையாளமாக இட்டிருந்தார்கள். அப்படிப் பயிற்றுவிக்கப்படாத மாடலில் அவற்றுக்கு அந்தத் தர அடையாளம் கிடையாது. beautiful பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நீக்கிவிடலாம்.

அப்படியானால் எந்தச் சொற்கள் பயன் தருகின்றன? படத்தில் கண்ணால் காணக்கூடிய ஒன்றைக் குறிக்கும் சொற்கள். அவற்றுள் முதலிடத்தை நான் தூரத்துக்குத் தருவேன். பலரும் கவனிக்கத் தவறுவதும் இதைத்தான். ஸ்டேபிள் டிஃப்யூஷன் பிக்சல்களை நேரடியாக வரைவதில்லை. எட்டுக்கு எட்டு பிக்சல்களை ஒரே கட்டமாகச் சுருக்கி, அந்தக் கட்டங்களில் வரைந்து, இறுதியில் விரித்துத் தருகிறது. 512 பிக்சல் படத்தில் ஒரு பக்கத்துக்கு 64 கட்டங்களே உண்டு. பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள லெபு பாசார் தெருவின் நீளம் முழுவதும் தெரிய வேண்டும், அதில் பூக்கடைக்காரரும் நிற்க வேண்டும் என்று கேட்டால், அவர் முகம் சுமார் 40 பிக்சல் அகலத்தில் வரும். அதாவது குறுக்கே ஐந்து கட்டங்கள். இரண்டு கண், மூக்கு, வாய், நெற்றித் திருநீறு எல்லாமே அந்த ஐந்து கட்ட அகலத்துக்குள் அடங்க வேண்டும். முகம் கோணலாவதன் காரணம் இதுதான். Ultra detailed என்று எத்தனை முறை எழுதினாலும் கட்டங்கள் கூடப்போவதில்லை. close-up என்று எழுதினால் அதே முகத்துக்குக் குறுக்கே முப்பது, நாற்பது கட்டங்கள் கிடைக்கின்றன. தெரு முழுவதும் வேண்டியதே என்றால், முதலில் தெருவை வரையவைத்து, பிறகு முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி மறுபடி வரையும் இன்பெயின்ட் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது ஒளி. side light, morning light, overcast போன்ற சொற்கள் படத்தை வெளிப்படையாக மாற்றுகின்றன. பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியில் ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு நிழல் உண்டாகிறது. பரப்பின் நுணுக்கம் நிழலால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு பொருளின் இயல்பையும் பெயரிட்டுச் சொல்ல வேண்டும்: ஈர வாழையிலை, நார், மல்லிகை, செண்டுமல்லி. மேலே பார்த்த வாசகத்தை நான் இவ்வாறு மாற்றுவேன்.

```
photo, close-up of a woman's hands stringing jasmine on banana-fibre thread, marigolds on a wet banana leaf, morning side light
```

புகழ்ச்சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆயினும் நாரின் முறுக்கும் இலையின் நரம்பும் துளிகளும் இதில் கிடைக்க வாய்ப்பு மிக அதிகம், ஏனெனில் மாடலுக்கு எதை வரைய வேண்டும் என்பது தெரிகிறது.

கேமரா சொற்களில் கவனம் தேவை. bokeh என்பது வலுவான சொல். முகத்தைத் தெளிவாக்கும், ஆனால் பின்னாலுள்ள கடைப் பலகைகளைக் கரைத்துவிடும். macro நெருக்கத்தைத் தரும். லென்ஸ் திறப்பைக் குறிக்கும் f/5.6, f/8 போன்ற எண்களுக்கிடையே மாடல் வேறுபாடு காண்பதை நம்ப முடியாது. no blur என்று பிராம்ப்ட்டுக்குள் எழுதுவதோ பெரும்பாலும் எதிர்விளைவையே தரும், ஏனெனில் பழைய மாடல்களின் சொல்லறியும் பகுதி மறுப்பைச் சரியாக உணர்வதில்லை, blur என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறது. வேண்டாதவற்றை எழுதுவதற்கென்று உள்ள நெகடிவ் பிராம்ப்ட் பெட்டியில் blur என்று மட்டும் எழுத வேண்டும். அந்தச் சொல்லறியும் பகுதி ஒரே முறையில் 77 சொல்துண்டுகளைத்தான் ஏற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வெற்றுச் சொல் ஒவ்வொன்றும் தேவையான சொல்லின் இடத்தைத் தின்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் டால்-ஈ 3 போன்ற மாடல்கள் நீளமான விவரணைகளால் பயிற்றுவிக்கப்பட்டவை. அவற்றில் முழு வாக்கியமாகக் காட்சியை விவரிப்பதே பயன் தரும்.

ஒரு சொல் பயன்படுகிறதா என்று நீங்களே சோதிக்கலாம். மாடல் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து வரையத் தொடங்குகிறது என்பதை நிர்ணயிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லோடு ஒரு படமும் அது இல்லாமல் ஒரு படமும் எடுங்கள். ஒரே இணையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு காற்புள்ளி கூடினாலும் படம் கொஞ்சம் அசையும், அந்த அசைவை முன்னேற்றம் என்று மனம் எண்ணிக்கொள்ளும். பல சீட் எண்களில் எடுத்து, எது எது என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரைக் கலைத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான இணைகளில் அந்தச் சொல் உள்ள படத்தையே தேர்ந்தெடுத்தீர்களானால் மட்டுமே அந்தச் சொல் இருக்கட்டும்.

கடைசியாக, அச்சுக்குக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். 1024 பிக்சல் படம் அந்தத் தரத்தில் ஒன்பது சென்டிமீட்டரைக்கூட எட்டாது. இந்தக் குறையைப் படத்தைப் பெரிதாக்கும் அப்ஸ்கேலர் மென்பொருளால்தான் நிரப்ப வேண்டும். அதில் மூலப்படத்தை எவ்வளவு மாற்றி வரையலாம் என்பதைக் குறிக்கும் டீநாய்சிங் அளவு இருந்தால், அதை 0.3 ஒட்டி வைத்துத் தொடங்குங்கள், 0.5ஐத் தாண்டினால் மென்பொருள் தன்போக்கில் புதிதாக வரையத் தொடங்கிவிடும், பூக்கட்டும் கையில் ஆறாவது விரல் முளைப்பது பெரும்பாலும் அங்கேதான்.