டிரையத்லான் முடிவு நேரம்: தாளில் வரும் கணக்கும் கடற்கரையில் வரும் கணக்கும்

[திரையில்: 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்]

வணக்கம். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக இடம்பெற்றபோது வைத்திருந்த தூரங்கள்தாம் இவை. இன்றும் இதை ஒலிம்பிக் தூரம் என்றே சொல்கிறார்கள். இந்தத் தூரத்தை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது என்பதை ஒருவருடைய பயிற்சிக் குறிப்புகளைக் கொண்டே பார்ப்போம்.

அவர் நீச்சல் குளத்தில் 100 மீட்டரை 2 நிமிடம் 10 விநாடியில் கடக்கிறார். சைக்கிளில் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். சென்ற மாதம் 10 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி ஒன்றை 58 நிமிடத்தில் முடித்திருக்கிறார்.

இந்த மூன்றும் ஒரே விதமான அளவுகள் அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நீச்சலையும் ஓட்டத்தையும் இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு நேரம் என்று சொல்கிறோம். அதனால் தூரத்தால் பெருக்கினால் போதும். சைக்கிளை மட்டும் மணிக்கு இவ்வளவு தூரம் என்று சொல்கிறோம். அங்கே தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டும். 40-ஐ 28-ஆல் வகுத்தால் 1.43 வரும். இதை 1 மணி 43 நிமிடம் என்று படித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. என் முதல் திட்டத்தில் நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அந்த .43 என்பது ஒரு மணி நேரத்தின் பின்னம். 60-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 25.7 நிமிடம் கிடைக்கும். ஆக, சரியான நேரம் 1 மணி 25 நிமிடம் 43 விநாடி. கணினி விரிதாளில் இதைச் செய்பவர்கள், விரிதாள் நேரத்தை நாள் கணக்கில் வைப்பதாலும் ஒரு நாளுக்கு 24 மணி என்பதாலும், இன்னொரு முறை 24-ஆல் வகுக்க வேண்டும்.

[திரையில்:]

```
=40/28/24
[h]:mm:ss   →   1:25:43
```

முதல் வரி கட்டத்தில் எழுத வேண்டிய கணக்கு. இரண்டாவது, அந்தக் கட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய வடிவமும் அதில் தெரியும் விடையும்.

இனிக் கூட்டிப் பார்ப்போம். நீச்சல் 32 நிமிடம் 30 விநாடி, சைக்கிள் 85 நிமிடம் 43 விநாடி, ஓட்டம் 58 நிமிடம். மொத்தம் 2 மணி 56 நிமிடம் 13 விநாடி. மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று நம் நண்பர் மகிழ்ந்துபோவார். ஆனால் இந்தக் கூட்டலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் அவர் தனித்தனி நாட்களில், களைப்பில்லாமல், வசதியான இடத்தில் எடுத்த எண்.

[திரையில்: கடலில் மிதவைகளைச் சுற்றி நீந்தும் பாதை]

நீச்சலை எடுத்துக்கொள்வோம். குளத்தில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுவரைக் காலால் உந்திக்கொள்கிறோம். தரையில் வரைந்த கோடு நேராகக் கூட்டிச் செல்கிறது. கடலில் இரண்டும் கிடையாது. மிதவை எங்கே இருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பு தாழ்ந்து வேகம் குறைகிறது. பார்க்காமல் நீந்தினால் பாதை வளைந்துவிடுகிறது. 1500 மீட்டர் போட்டியின் முடிவில் கைக்கடிகாரம் 1600 மீட்டர் காட்டினால், கடிகாரத்தின் பிழை போக மீதியெல்லாம் அந்த வளைவுதான். இவருடைய கடல் பயிற்சிகளில் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 20 விநாடி ஆகிறது. அதைத்தான் எடுக்க வேண்டும். நீச்சல் 35 நிமிடம்.

சைக்கிளில் சிக்கல் வேறு மாதிரி. பாதை 20 கிலோமீட்டர் போய்த் திரும்புவது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது காற்று முதுகில் அடிக்க, மணிக்கு 32 கிலோமீட்டர். திரும்பும்போது எதிர்க்காற்றில் 24. சராசரி 28 வந்துவிட்டதே என்று தோன்றும், வராது. போக 37 நிமிடம் 30 விநாடி, திரும்பி வர 50 நிமிடம். மொத்தம் 87 நிமிடம் 30 விநாடி. மெதுவான பகுதியில் நாம் கூடுதல் நேரம் இருக்கிறோம் என்பதால், அது வேகமான பகுதி சேர்த்துத் தந்ததைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இந்தத் திரும்பும் வழியின் கசப்பு நன்றாகத் தெரியும்.

[திரையில்: சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் மாற்றிடம்]

இப்போது இரண்டு டிரான்சிஷன்கள். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுவதை டி1 என்றும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவதை டி2 என்றும் சொல்வார்கள். தண்ணீரிலிருந்து எழுந்து மணலில் ஓடி, காலைக் கழுவிக்கொள்வோம். ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கலாம் என்பது விதி. அதன்பின் ஏறும் கோடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். கடற்கரைக்கும் மாற்றிடத்துக்கும் 300 மீட்டர் இருந்தால் அந்த ஓட்டமே 2 நிமிடத்தை விழுங்கிவிடும். எனவே இதை ஊகித்து எழுதாமல், முதல் நாள் பாதையைப் பார்க்கப் போகும்போது நடந்தே அளந்துவிடுவது நல்லது. நேரம் பதியும் விரிப்பு தண்ணீரோரத்தில் இருக்கிறதா, மாற்றிட வாசலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் இருந்தால் அந்த மணல் ஓட்டம் நீச்சல் நேரத்தில் சேரும். மொத்தம் மாறாது, ஆனால் இரண்டு முறை கூட்டிவிடக் கூடாது. இவருக்கு டி1 4 நிமிடம், டி2 2 நிமிடம் 30 விநாடி என்று வைக்கிறேன்.

ஓட்டத்துக்கு 58 நிமிடம் என்ற எண் உதவாது. சைக்கிளிலிருந்து இறங்கிய கால்கள் முதல் இரண்டு கிலோமீட்டர் நம்முடையவை போலவே இருக்காது. அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும். 30 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி இறங்கியவுடன் 5 கிலோமீட்டர் ஓடிப் பார்த்த பயிற்சி நாட்களில் இவருக்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 விநாடி ஆனது. அதன்படி ஓட்டம் 62 நிமிடம் 30 விநாடி.

மறுபடி கூட்டினால் 3 மணி 11 நிமிடம் 30 விநாடி. முதல் கணக்கைவிட 15 நிமிடம் 17 விநாடி கூடுதல்.

சைக்கிளில் வேகத்தைக் கூட்டினால் இதைச் சரிக்கட்டலாமே என்று கேட்பார்கள். காற்றை விட்டுவிட்டு, சீரான வேகமென்றே பார்ப்போம். 28-க்குப் பதில் 30-இல் ஓட்டினால் 5 நிமிடம் 43 விநாடி மிச்சமாகும். அந்த முயற்சியில் கால் தளர்ந்து, ஓட்டம் கிலோமீட்டருக்கு வெறும் 35 விநாடி மெதுவானால், 10 கிலோமீட்டரில் மிச்சம் முழுவதும் போய்விடும். கடைசியில் நடக்கத் தொடங்கியவருக்கு 35 விநாடி ஒரு பொருட்டே அல்ல. ஆகவே சைக்கிள் வேகத்தை அன்றைய ஆசையைக் கொண்டு முடிவு செய்யாமல், இறங்கி ஓடிப் பார்த்த பயிற்சியைக் கொண்டே முடிவு செய்வது என் வழக்கம்.

[திரையில்: கையில் எழுதிய நேரங்கள்]

மொத்தத்தைக் கடிகார நேரமாக மாற்றிக் கையில் எழுதிக்கொள்ளலாம். காலை 6:30-க்குத் தண்ணீரில் இறங்கினால் 7:05-க்குக் கரை, 7:09-க்குச் சைக்கிள், 8:36:30-க்குச் சைக்கிளிலிருந்து இறங்கும் கோடு, 8:39-க்கு ஓட்டம், 9:10:15-க்கு ஐந்தாவது கிலோமீட்டர், 9:41:30-க்கு முடிவு. வீரர்களைச் சிறு சிறு குழுவாக இறக்கும் போட்டியில் உங்கள் குழு இறங்கும் நேரத்தை வைத்து எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். இறங்கும் கோட்டை 8:32-க்கே தொட்டுவிட்டால் முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். காற்று உதவாமல் அந்த நேரம் வந்திருந்தால், நான்கரை நிமிடத்தை ஓட்டத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 விநாடியில் ஓடிவிட்டு, அதன்பிறகு மறுபடி கையைப் பாருங்கள்.