காலண்டர் ஹீட்மேப்: சனிக்கிழமைக் கூட்டம் உண்மையில் எவ்வளவு?

வணக்கம் நண்பர்களே. ஒரு கடைக்கு நாள்தோறும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை, நாளுக்கொரு கட்டமாகவும் கூட்டம் கூடக்கூட அடர்ந்த நிறமாகவும் காட்டும் காலண்டர் ஹீட்மேப்பாக வரைந்து, அதில் தெரியும் வாரப் போக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம். திரையில் நீங்கள் பார்ப்பது 2025 ஜனவரி 6 முதல் ஏப்ரல் 6 வரையிலான 13 வாரங்கள். எண்கள் விளக்கத்திற்காக நான் அமைத்தவை. தேதிகளும் கிழமைகளும் உண்மையானவை.

இதில் ஒவ்வொரு பத்தியும் ஒரு வாரம், ஒவ்வொரு வரிசையும் ஒரு கிழமை. வாரந்தோறும் திரும்ப வரும் பழக்கம் ஒன்று இருந்தால், அது இடமிருந்து வலமாக ஓடும் ஒரு பட்டையாகத் தெரியும். வாரத்தைத் திங்களில் தொடங்குவதையே நான் விரும்புகிறேன். ஞாயிறில் தொடங்கினால் சனி அடியிலும் ஞாயிறு உச்சியிலும் பிரிந்துபோவதால், வார இறுதியை ஒன்றாகப் பார்க்கக் கண்ணுக்கு வழியில்லை. ஸ்ப்ரெட்ஷீட்டில் தேதி A2 கட்டத்தில் இருந்தால், அந்த வாரத்தின் திங்கட்கிழமையை இப்படிப் பெறலாம்:

```
=A2-WEEKDAY(A2,2)+1
```

வார எண்ணை விட்டுவிட்டு இந்தத் தேதியைப் பத்தியின் தலைப்பாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வாரங்களுக்கு எண் கொடுக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ முறைப்படி 2024 டிசம்பர் 30 என்பது 2025ஆம் ஆண்டின் முதல் வாரத்தைச் சேர்ந்தது. ஆண்டு 2024, வாரம் 1 என்று தொகுத்தால் அந்த நாள் முந்தைய ஜனவரியில் போய் விழுந்துவிடும்.

இனி நிறத்துக்கு வருவோம். பெரும்பாலான ஹீட்மேப்கள் கெட்டுப்போவது இங்கேதான். பிப்ரவரி 13, வியாழக்கிழமை அன்று மட்டும் 300 பேர் வந்திருக்கிறார்கள், மற்ற நாட்களில் பெரும்பாலும் 60க்குக் கீழ்தான். மென்பொருள் தானாகவே 0 முதல் 300 வரையுள்ள எல்லையை ஐந்து சமப் பங்காகப் பிரித்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் 60 என்று ஆகி, 35 பேர் வந்த செவ்வாயும் 58 பேர் வந்த சனியும் ஒரே வெளிர் நிறத்தில் நிற்கும். ஆகவே எல்லைகளை நாமே 30, 40, 50, 60 என்று வைத்து, 60க்கு மேற்பட்ட எதுவானாலும் அடர்ந்த நிறம் என்று மாற்றுகிறேன். உடனே சனிக்கிழமைப் பட்டை எழுந்து தெரிவதைப் பாருங்கள். இப்போது 61க்கும் 300க்கும் ஒரே நிறம் என்பதால், கட்டத்துக்குள் எண்ணையும் காட்டுவது அவசியம்.

அந்த வியாழனை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மற்ற 12 வியாழன்களிலும் தலா 40 பேர் வந்திருக்க, இந்த ஒரு நாளால் சராசரி 60 ஆகிவிடுகிறது. கிழமைவாரியான சராசரியை மட்டும் பட்டைப் படமாகப் போட்டவர் வியாழன்தோறும் கூட்டம் வருகிறது என்று கூடுதல் ஆளை நியமித்துவிடுவார். ஹீட்மேப்பைப் பார்ப்பவருக்கோ வெளிறிய வரிசையில் ஒற்றை அடர் கட்டம் தெரியும். வரிசைக்குச் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை, அதாவது எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வரும் எண்ணை எடுத்தால், அது 40 என்றே சரியாகச் சொல்லும்.

சனிக்கிழமை இதைவிட நுட்பமானது. அதன் சராசரி 62. ஆனால் 11 சனிகளில் 58 பேரும், பிப்ரவரி 1, மார்ச் 1 ஆகிய இரண்டு சனிகளில் மட்டும் 84 பேரும் வந்திருக்கிறார்கள். பிப்ரவரிக்கு 28 நாட்களே என்பதால் இரண்டு மாதங்களின் முதல் தேதியும் ஒரே கிழமையில் விழுந்துவிட்டன. அந்தக் கூடுதல் கூட்டம் சனிக்கு உரியதா, மாதத்தின் முதல் தேதிக்கு உரியதா என்பதை ஏப்ரல் 1 காட்டிக்கொடுக்கிறது: அது செவ்வாய், வெளிறிய வரிசையின் நடுவே 75 என்று அடர்ந்து நிற்கிறது. மாதப் பழக்கம் இப்படித்தான் வரிசை விட்டு வரிசை தாவும். எனவே சனிக்குரிய உண்மையான அளவு 58 என்று கொள்வதே சரி.

கடைசியாக, வெற்று நாட்கள். கடை மூடியிருந்த நாளையும், எண்ணும் கருவி ஓடாத நாளையும் 0 என்று பதியாதீர்கள். முன்னதற்குக் குறுக்குக்கோடும் பின்னதற்குச் சாம்பல் நிறமும் கொடுங்கள். கருவி பாதி நாளில் நின்றுபோனால்தான் கண்டுபிடிப்பது கடினம். வழக்கமாக 38 வரும் புதன் ஒன்றில் 19 என்று இருந்தால், மணிவாரிப் பதிவைத் திறந்து பாருங்கள். நண்பகலுக்குப் பிறகு ஒரு வருகைகூட இல்லையென்றால் அது கூட்டம் குறைந்த நாள் அல்ல. அதையும் சாம்பல் நிறமாக்கி, கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.