முதலையும் முறுக்கிய தையலும்

“மேல ஒரு பேரும் இல்லாத டி-சர்ட்டுக்கு ஐயாயிரமா? அது நல்ல துணின்னு ஊருக்கு எப்படிங்க தெரியும்?” – இது எதிரணித் தம்பி.

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். சட்டைக்கு மதிப்பு லோகோவாலயா, துணியாலயாங்கிற இந்தப் பட்டிமன்றத்துல நாங்க துணி பக்கம். நேரா தம்பிகிட்ட போறேன்.

ஊருக்குத் தெரிய வேண்டாம் தம்பி, வாஷிங் மெஷினுக்குத் தெரியும்! நெஞ்சுல ஒரு சாண் லோகோவோட நீங்க வாங்கின பனியன் துணியைத் துவைங்க. முதல் துவையல்ல ஒண்ணும் ஆகாது. ரெண்டாவதுல இடுப்புப் பக்கத் தையல் மெல்ல முன்னாடி எட்டிப் பார்க்கும். மூணாவதுல நேரா தொப்புளுக்கே வந்துடும்! தம்பி நடுவரைப் பார்த்து நிக்கிறார், சட்டை மட்டும் எங்க அணியைப் பார்த்து நிக்குது! (கைதட்டுங்க, எனக்கு வாட்ச் ஓடுது.)

ஏன் திரும்புது? ஒற்றை நூல்ல இருக்கிற முறுக்கு அவிழப் பார்க்கும். துணியில அது அடங்கிக் கிடக்கும், தண்ணி பட்டதும் கண்ணிகளை ஒரே பக்கமாச் சாய்ச்சிடும். எங்க அணி அம்மா சொன்னாங்களே, ரெண்டு நூலை எதிர்த்திசையில சேர்த்து முறுக்கினா அந்த இழுப்பு அடங்கும்னு, அதுக்குத்தான் காசு. வெட்டுறதுக்கு முன்னாடி துணியை விரிச்சுப் போட்டுத் தளரவிடணும். அவசரக்காரன் அதை விட்டுடுவான்.

கடையிலேயே பார்க்கலாம். சட்டையை ரெண்டு தோள்லயும் பிடிச்சுத் தொங்கவிடுங்க. துணியோட கண்ணி வரிசையும் பக்கத் தையலும் ஒண்ணா இறங்கணும். வரிசை சாய்ஞ்சு போய்த் தையலை முட்டினா, வச்சுட்டு வந்துடுங்க. நேரா இருந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. இழுத்து இஸ்திரி போட்டு நிமிர்த்தியிருக்கலாம், அந்த வண்டவாளம் துவைச்சாத்தான் தெரியும்.

அந்தப் பெரிய பிரின்ட்? துணி சுருங்கும், அது சுருங்காது. சுத்தி சுருக்கம் விழும், வேர்வையும் உள்ளேயே நிக்கும்.

பேராசிரியர் ஐயா “லோகோ இல்லைன்னா சிக்கனம்”னு பேசினார். ஐயா, ஐயாயிரம் எந்த ஊர்ல சிக்கனம்?

எதிரணி அக்கா கேட்டது பாதி நியாயம்: 1933லேயே பிரெஞ்சு டென்னிஸ் வீரர் லக்கோஸ்த் முதலை லோகோவைச் சட்டைக்கு வெளியே தச்சாரே! தச்சார். ஆனா விறைப்பான முழுக்கைச் சட்டைக்குப் பதிலா, டென்னிஸ் ஆடறவனுக்குக் காத்தோட்டமான பின்னல் துணியில அரைக்கைச் சட்டை கொடுத்தார். முதலையைப் பிச்சாலும் சட்டை நிக்கும். இன்னைக்கு நாம காசு கொடுக்கிறது முதலைக்கா, துணிக்கா? அதை நடுவர்தான் சொல்லணும்.

கடைசியா ஒண்ணுங்க. அந்தக் காலத்து அப்பாக்களுக்கு ஒரே நல்ல வெள்ளைச் சட்டைதான். கழுத்துப்பட்டி நைஞ்சு போகும், உடம்புத் துணி அப்படியே இருக்கும். டெய்லர் தையலைப் பிரிச்சு, காலரை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பித் தச்சுக் கொடுப்பார். அதைப் போட்டுக்கிட்டுத்தான் பொண்ணைக் காலேஜ்ல சேர்க்கப் போனாங்க. மணி அடிச்சுட்டீங்களா நடுவரே? இறங்கிட்டேன்.