‘வேர் யூ ஆர் கோயிங்’ எங்கே சறுக்குகிறது?

வணக்கம் நேயர்களே. கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கும் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொன்னால் நம் ஆட்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். கேள்வி கேட்கும்போதுதான் சறுக்குகிறது. அதுவும் எல்லோருக்கும் ஒரே இடத்தில். இன்று அந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சீசன் நாளில் ஏழு ரோடு பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். “வேர் யூ ஆர் கோயிங் சார்?” என்று ஒரு குரல். “வாட் யூ வான்ட் மேடம்?” என்று இன்னொன்று. எதிரில் நிற்பவருக்கு முகத்தைப் பார்த்தே புரிந்துவிடும், வண்டியும் கிளம்பிவிடும். அப்புறம் எதற்குத் திருத்த வேண்டும் என்று கேட்பீர்கள். போனில் பேசும்போது தெரியும் அதன் சங்கடம். “வேர் யூ ஆர் கோயிங்” என்பது ஆங்கிலக்காரர் காதில் கேள்வியாக விழாது. “நீங்க எங்க போறீங்கன்னு...” என்று நாம் ஆரம்பித்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? சொல்லணுமா, தெரியணுமா, மீதி வரட்டும் என்று கேட்பவர் காத்திருப்பார் இல்லையா? அவரும் அப்படித்தான் ஒரு நொடி காத்திருப்பார்.

தமிழில் கேள்வி கேட்பது சுலபம். “நீங்க பூம்பாறை போறீங்க.” இதில் பூம்பாறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘எங்க’ போட்டால் கேள்வி முடிந்தது. இல்லையென்றால் கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்து “போறீங்களா” என்போம். மற்ற சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் வரிசையே மாறியாக வேண்டும். ‘வேர்’, ‘வாட்’, ‘வென்’ எல்லாம் முதலில் வரும் என்பதை நாம் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துக்கொண்டோம். அதற்கு அடுத்த வேலை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடுகிறோம்.

நான் சொன்ன இரண்டு கேள்விகளும் ஒரே மாதிரித் தப்பாகத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. “வேர் யூ ஆர் கோயிங்” என்பதில் ‘ஆர்’ என்ற ஹெல்பிங் வெர்ப் ஏற்கெனவே இருக்கிறது, இடம்தான் தப்பு. அதைத் தூக்கி ‘யூ’வுக்கு முன்னால் வைத்தால் “வேர் ஆர் யூ கோயிங்?” சரியாகிவிட்டது. “வாட் யூ வான்ட்” என்பதில் தூக்கி வைக்க ஒன்றுமே இல்லை. ‘வான்ட்’ மெயின் வெர்ப், அது நகராது. அதனால் வெளியிலிருந்து ‘டூ’ என்று ஒன்றைக் கொண்டுவர வேண்டும். “வாட் டூ யூ வான்ட்?”

“இடத்தை மாற்றிப் போடுங்கள்” என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் புத்திசாலிப் பையன் “வாட் வான்ட் யூ” என்று மாற்றிவிடுவான். ஒரு காலத்தில் ஆங்கிலக்காரர்களே அப்படித்தான் கேட்டார்கள் என்பது தமாஷ். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் “ஹூம் சீக் யீ?” என்று வருகிறது, யாரைத் தேடுகிறீர்கள் என்று பொருள். ‘டூ’ இல்லாமல் மெயின் வெர்பே முன்னால் வந்து நிற்கிறது. இன்று அப்படிக் கேட்டால் பிரசங்கம் மாதிரி இருக்கும்.

சரி, எப்போது இருப்பதை நகர்த்துவது, எப்போது வெளியிலிருந்து கொண்டுவருவது? வகுப்பில் நான் பட்டியல் எதுவும் கொடுப்பதில்லை. ஒரே ஒரு சோதனைதான். கேட்க நினைப்பதை முதலில் ‘இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘நாட்’ போட்டு. அந்த ‘நாட்’ எந்தச் சொல்லின் முதுகில் போய் ஒட்டுகிறதோ அதுதான் முன்னால் வர வேண்டிய சொல்.

“நீங்க போகலை” என்பதை எப்படிச் சொல்வீர்கள்? “யூ ஆர் நாட் கோயிங்.” நாட் ஒட்டியிருப்பது ‘ஆர்’ மேல். அப்படியானால் “வேர் ஆர் யூ கோயிங்?” அடுத்து, “உங்களுக்கு வேண்டாம்” என்பது? “யூ டோன்ட் வான்ட்.” இதை மட்டும் யாரும் தப்பாகச் சொல்வதில்லை. சாக்லேட் கடைக்காரரும் சொல்கிறார், குதிரைக்காரரும் சொல்கிறார். ‘டோன்ட்’ என்பது ‘டூ நாட்’. நாட்டைக் கழற்றிவிட்டால் கையில் மிஞ்சுவது ‘டூ’. அதை முன்னால் வையுங்கள். கேள்வியில் வராத ‘டூ’ மறுப்பில் மட்டும் நம் வாயில் தானாக வருகிறது. அதனால்தான் இந்தச் சோதனை நமக்கு உதவுகிறது.

ஒரு போன் அழைப்பை எடுத்துக்கொள்வோம். வட்டக்கானலில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு தம்பி. வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் அறை கேட்டுக் கூப்பிடுகிறது. முதலில் அவர், “வென் யூ ஆர் கமிங்?” என்கிறார். மறுப்பு “யூ ஆர் நாட் கமிங்”, எடுக்க வேண்டியது ‘ஆர்’. “வென் ஆர் யூ கமிங்?” சுலபம்.

அடுத்து, “ஹவ் மெனி டேஸ் யூ ஆர் ஸ்டேயிங்?” இங்கே கேள்விச் சொல் நீளமாக இருப்பதால் தடுமாறுவார்கள். ‘ஹவ் மெனி டேஸ்’ மூன்றும் சேர்ந்து ஒரே கேள்விச் சொல் மாதிரி. அதைப் பிரிக்காமல், முழுதாக முடிந்த பிறகு ‘ஆர்’. “ஹவ் மெனி டேஸ் ஆர் யூ ஸ்டேயிங்?” அதே மாதிரி “வாட் டைம் டூ யூ வான்ட் டின்னர்?” ‘வாட் டைம்’ ஒரு துண்டு, பிறகு ‘டூ’.

அடுத்த கேள்வி சிக்கலானது. மலைப்பாதை குறுகலானது, டிரைவருக்கு வழி தெரியுமா என்று கேட்க வேண்டும். தம்பி “யுவர் டிரைவர் நோஸ் தி ரோட்?” என்கிறார். மறுத்துப் பார்ப்போம். “யுவர் டிரைவர் டஸின்ட் நோ தி ரோட்.” நாட் ஒட்டியது ‘டஸ்’ மேல். “டஸ் யுவர் டிரைவர் நோ தி ரோட்?” ‘நோஸ்’ எப்படி ‘நோ’ ஆனது, கவனித்தீர்களா? அந்த ‘ஸ்’ காணாமல் போகவில்லை, ‘டஸ்’ஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு ‘ஸ்’ஸுக்கு ஒரு இடம்தான். “டஸ் ஹி நோஸ்” என்றால் இரண்டு முறை கட்டணம் கட்டிய மாதிரி.

நடந்து முடிந்த விஷயத்திலும் இதே கதைதான். வந்து இறங்கியவரிடம் காரை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்க வேண்டும். “வேர் யூ பார்க்ட் தி கார்?” தப்பு. பாதி தெரிந்தவர்கள் “வேர் டிட் யூ பார்க்ட்” என்பார்கள், அதுவும் தப்பு. “யூ டிடின்ட் பார்க்” என்றுதானே மறுப்போம்? இறந்தகாலம் முழுதும் ‘டிட்’ எடுத்துக்கொண்டது, ‘பார்க்’ வெறும் கையோடு நிற்கிறது. “வேர் டிட் யூ பார்க் தி கார்?” என் அனுபவத்தில் ‘டூ’ போடுவதைப் பழகியவர்களுக்குக்கூட இந்த ‘டிட்’டுக்குப் பின்னால் இறந்தகாலத்தை விடுவதுதான் கடைசியாக வருகிறது. “டிட் யூ ஸா”, “டிட் யூ வென்ட்” என்று நன்றாகப் பேசுபவர்கள் வாயிலும் வரும்.

இவ்வளவு ஆங்கிலப் படம் பார்த்தும் ஏன் இது காதில் ஏறவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. வேகமாகப் பேசும்போது ஆங்கிலக்காரர்கள் இந்தச் சின்னச் சொற்களை விழுங்கிவிடுகிறார்கள். “வாட் டூ யூ வான்ட்” என்பது “வாட்ய வான்ட்” என்று வரும். ‘ஆர்’ரை அடியோடு விட்டு “வேர் யூ கோயிங்” என்பவர்களும் உண்டு. நமக்கு அங்கே ‘டூ’வும் ‘ஆர்’ரும் கேட்பதில்லை, அதனால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கேள்விச் சொல் இல்லாத சின்னக் கேள்வியில் அவர்களே நேரடியாக “யூ வான்ட் டீ?” என்று குரலை உயர்த்திக் கேட்டுவிடுவார்கள். அது வீட்டுப் பேச்சு, தப்பில்லை. கடையில் கேட்க “டூ யூ வான்ட் டீ?” என்பது பரவாயில்லை. “வுட் யூ லைக் டீ?” இன்னும் மரியாதை. அதற்கும் சோதனை அதே, “யூ வுடின்ட் லைக்”.

இனி, இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றவர்கள் விழும் குழி ஒன்றைச் சொல்கிறேன். முதலில் “நீங்க எங்க போறீங்கன்னு” என்று சொன்னேனே, அந்த அரைக் கேள்வி ஒரு பெரிய வாக்கியத்துக்குள் போய் உட்காரும்போது “வேர் யூ ஆர் கோயிங்” என்பதுதான் சரி. “ப்ளீஸ் டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்.” “ஐ டோன்ட் நோ வாட் யூ வான்ட்.” இங்கே எதையும் மாற்றக் கூடாது. “கேன் யூ டெல் மீ வேர் யூ ஆர் ஸ்டேயிங்?” என்பதில் கேள்விக்கான மாற்றம் முதலிலேயே ‘கேன் யூ’வில் முடிந்துவிட்டது, உள்ளே மறுபடி மாற்றத் தேவையில்லை. புதிதாகப் படித்தவர்கள் உற்சாகத்தில் “டெல் மீ வேர் ஆர் யூ ஸ்டேயிங்” என்று உள்ளேயும் புரட்டிவிடுவார்கள். தமிழில் ‘ன்னு’ சேர்த்துச் சொல்ல முடிகிற கேள்வி என்றால் புரட்டாதீர்கள். எங்க தங்கியிருக்கீங்கன்னு சொல்லுங்க. ‘ன்னு’ இருக்கிறது, அப்படியே விடலாம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். “வாட் யுவர் நேம்” என்பதில் ‘இஸ்’ விட்டுப்போகிறது. “உங்க பேரு என்ன” என்பதில் வினை இல்லாததால் வரும் தப்பு இது. ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் முடியாது. ‘ஹூ’ வைத்து ஆளையே கேட்கும்போது, அதாவது வேலையைச் செய்தவர் யார் என்றே தெரியாதபோது, ‘டிட்’ வேண்டாம். “ஹூ டுக் மை அம்ப்ரெல்லா?” அவ்வளவுதான். ‘ஹூ’தான் இங்கே எழுவாய், அது முன்னாலேயே நிற்கிறது, தாண்டிப் போக யாரும் இல்லை. ஆனால் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் எழுவாய் ‘யூ’ ஆகிவிடும், ‘டிட்’ வந்துவிடும். “ஹூ டிட் யூ சீ?” குடையைத் தொலைத்தவர் முதல் கேள்வியைக் கேட்பார், போலீஸ்காரர் இரண்டாவதைக் கேட்பார். நன்றி, வணக்கம்.